கருத்தரங்கிற்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும்போது பயண உதவி கேட்பது எப்படி?

தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை பிப்ரவரி 12, 13 நாள்களில் கருத்தரங்கம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுச் சுருக்கத்தை நவம்பர் 15-க்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தேர்வானவர்கள் பட்டியல் டிசம்பர் 5 அன்று வரும். மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். பயணச் செலவைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. திருநெல்வேலியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு இதில் கட்டுரை வாசிக்க ஆசை. அவருக்கு உதவித்தொகை கிடையாது. அவர் ஒருங்கிணைப்பாளருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகப் பார்க்கப்போகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த ஒரே மின்னஞ்சல் இரண்டு வெவ்வேறு வழிகளில் போகும் என்பது. இணைப்பில் இருக்கும் ஆய்வுச் சுருக்கம் தேர்வுக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவில் வேறு ஊர்ப் பேராசிரியர்களும் இருப்பார்கள். நல்ல கருத்தரங்குகளில் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் அவர்களுக்கு அனுப்புவார்கள். பயண உதவி பற்றிய கேள்வியோ ஒருங்கிணைப்பாளரிடமும் கணக்கு பார்ப்பவரிடமும் நிற்கும். ஒருவர் ஆய்வைப் பார்க்கிறார், மற்றவர் பட்ஜெட்டைப் பார்க்கிறார். எனவே சுருக்கக் கோப்புக்குள் பணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. "நிதி வசதி இல்லாத மாணவி என்பதால் வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்" என்று சுருக்கத்தின் அடியில் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. தேர்வுக் குழுவால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆய்வின் பலத்தில் கிடைத்திருக்கக்கூடிய இடம் இரக்கத்தில் கிடைத்ததுபோல் ஆகிவிடும், அவ்வளவுதான்.

சரி, ஆய்வுச் சுருக்கம் என்றால் என்ன? நீங்கள் வாசிக்கப்போகும் கட்டுரையின் கேள்வி, அதற்கு விடை தேடிய வழி, கிடைத்த விடை ஆகிய மூன்றையும் அறிவிப்பு சொல்லும் சொல் வரம்புக்குள் சொல்லும் ஒரு தனிப் பத்தி. அறிமுகம் என்பது வேறு. அறிமுகம் வாசகரைக் கட்டுரைக்குள் அழைத்துப் போகும். சுருக்கமோ கட்டுரையைப் படிக்காதவருக்கும் முடிவைச் சொல்லிவிடும். நம் கருத்தரங்குகளுக்கு வரும் மாணவர் சுருக்கங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. "தமிழ் உலகின் மூத்த மொழி. தமிழர் பண்பாட்டில் நெய்தல் நிலத்திற்குத் தனி இடம் உண்டு" என்று தொடங்கி, பாதிக்கு மேல் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லி, "இவை குறித்து இக்கட்டுரை விரிவாக ஆராய்கிறது" என்று முடித்துவிடுவார்கள். படிப்பவருக்குத் தலைப்பு மட்டும் தெரியும். என்ன கண்டுபிடித்தார் என்பது தெரியாது.

நம் மாணவி மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றிக் கள ஆய்வு செய்திருக்கிறார். அவருடைய சுருக்கம் இப்படி இருக்கலாம். இதில் வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை.

> தூத்துக்குடிக் கடற்கரை மீனவர் பேச்சில் காற்றின் பெயர்கள்: இரண்டு ஊர்களில் ஒரு கள ஆய்வு
>
> வாடை, கொண்டல், சோழகம், கச்சான் முதலிய காற்றுப் பெயர்கள் அகராதிகளில் பதிவாகியுள்ளன. ஆனால் இன்றைய மீனவர்களில் யார், எந்தப் பொருளில் இவற்றை வழங்குகிறார்கள் என்பது தனியே ஆராயத்தக்கது. இதை அறிய, தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இரண்டு ஊர்களில் 36 மீனவர்களைப் பேட்டி கண்டேன். எட்டுத் திசைகளிலிருந்தும் வீசும் காற்றுகளின் பெயர்களை ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஐம்பது வயதைக் கடந்த 18 பேரில் 15 பேர் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பெயர்களைக் கூறினர். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட 18 பேரில் 4 பேரே அவ்வாறு கூறினர். இளையோர் பலரிடம் கச்சான் என்பது குறிப்பிட்ட திசைக் காற்றைக் குறிக்காமல், பலமாக வீசும் எந்தக் காற்றுக்கும் பொதுப்பெயராகியுள்ளது. பாய்மரத்திலிருந்து இயந்திரப் படகுக்கு மாறிய தலைமுறை இடைவெளியோடு இம்மாற்றத்தை ஒப்பிட்டு, பெயர்கள் மறைவதும் பொருள் விரிவதும் ஒரே போக்கின் இரு பக்கங்கள் என்று கட்டுரை வாதிடுகிறது.

இதைப் படிக்கும் குழு உறுப்பினருக்கு உடனே கேள்விகள் எழும். 36 பேர் போதுமா? இரண்டு ஊர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லையா? அப்படிக் கேள்வி எழுவது நல்லது. கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதால்தான் அமர்வில் இடம் கொடுப்பார்கள். ஆய்வு இன்னும் முடியவில்லை என்றால், எத்தனை பேரிடம் கேட்டாயிற்று, இன்னும் எத்தனை பேர் மீதம், இதுவரை தெரிவது என்ன என்று நேராக எழுதலாம். மாணவர் சுருக்கத்தில் அது குறையாகாது.

கோப்பை அனுப்பும் விதத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். பெறுகிறவர் உங்களுக்குப் பதில் எழுதிக் கேட்பார் என்று நம்பக் கூடாது. கடைசி நாளில் வந்து குவியும் கோப்புகளுக்கு நடுவே திறக்காத கோப்பு ஒதுங்கிவிடும். யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பு ஒன்றும் பி.டி.எஃப் ஒன்றுமாக இரண்டையும் இணையுங்கள். அறிவிப்பில் குறிப்பிட்ட எழுத்துரு கேட்டிருந்தால் அதிலேயே கொடுத்துவிட்டு, பி.டி.எஃப்பையும் சேர்த்து வையுங்கள். கோப்பின் பெயர் `abstract.docx` என்று இருந்தால், அதே பெயரில் இன்னும் பல கோப்புகள் அவரிடம் இருக்கும். உங்கள் பெயரும் தலைப்பில் ஒரு சொல்லும் கோப்புப் பெயரில் இருக்கட்டும். பெயர் மறைத்துத் தேர்வு செய்வோம் என்று அறிவித்திருந்தால் மட்டும், கோப்பிலிருந்தும் கோப்புப் பெயரிலிருந்தும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு மின்னஞ்சலில் சொல்லுங்கள்.

இனி பயண உதவி. இதைக் கேட்பதற்கு முன்னால், ஒருங்கிணைப்பாளரின் கையில் என்ன பணம் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஒரு துறை கருத்தரங்கம் நடத்துவது பெரும்பாலும் பல்கலைக்கழகம் ஒதுக்கும் தொகையிலோ, இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்றவை தரும் நல்கையிலோதான். அந்தப் பணம் தலைப்பு தலைப்பாகப் பிரித்து வரும். அழைக்கப்பட்ட பேச்சாளர்களின் பயணத்துக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று. கட்டுரை வாசிக்க வரும் மாணவரின் ரயில் கட்டணத்துக்குத் தனித் தலைப்பு இல்லையென்றால், ஒருங்கிணைப்பாளர் மனம் வைத்தாலும் அதை எழுத இடம் இருக்காது. கணக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "நிதி இல்லை" என்று வரும் பதிலுக்குப் பல நேரம் இதுதான் பொருள்.

ஆனால் அவரால் எளிதாகச் செய்யக்கூடிய வேறு சில உண்டு. பதிவுக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதற்கு யாருக்கும் காசோலை எழுத வேண்டியதில்லை. மாணவர் விடுதியிலோ விருந்தினர் இல்லத்திலோ மூன்று இரவு இடம் பிடித்துத் தருவதற்கு ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ போதும். சாப்பாடு எப்படியும் அங்கே இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கும், மொத்தமாக "பயண உதவி வழங்குவீர்களா" என்று கேட்பவருக்கும் வரும் பதில்கள் வேறு வேறாக இருக்கும். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக "இல்லை" என்று வரும். பிரித்துக் கேட்டால், இயன்றதற்காவது "ஆம்" என்று எழுத அவருக்கு வழி கிடைக்கும்.

அதனால் முதலில் ஒரு தாளில் செலவைப் பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும். நம் மாணவியின் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம்: ஸ்லீப்பர் வகுப்பில் போக வர 2,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,500, மூன்று இரவு தங்க 2,400, வழிச் சாப்பாடும் தில்லியில் மெட்ரோ, ஆட்டோ செலவும் 1,100. மொத்தம் 7,000. இதில் ரயிலையும் வழிச் செலவையும், அதாவது 3,100 ரூபாயை, வீட்டில் கேட்டுச் சமாளிக்க முடியும் என்று அவர் முடிவு செய்கிறார். மீதி 3,900 ரூபாய் பதிவுக் கட்டணமும் தங்குமிடமும். அந்த இரண்டும் ஒருங்கிணைப்பாளர் எளிதாகத் தரக்கூடியவை. பணமாக எதையும் கேட்காமலேயே செலவில் பாதிக்கு மேல் குறைய வாய்ப்பிருக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெரியவருகிறது.

இன்னொரு கணக்கு நாள்களைப் பற்றியது. ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. திருநெல்வேலி வழியாகத் தில்லிக்கு நேராகப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிற ரயில் அல்ல, பயணமும் இரண்டு நாள் பிடிக்கும். பிப்ரவரி 8 அன்று கிளம்ப வேண்டுமானால் முன்பதிவு டிசம்பர் 10 அன்று திறக்கும். தேர்வுப் பட்டியல் டிசம்பர் 5 அன்று வந்துவிடும். ஆனால் நிதி பற்றிய முடிவைச் சில துறைகள் ஜனவரியில்தான் எடுக்கும், நல்கையின் தவணை அப்போதுதான் வரும் என்பதால். ஜனவரியில் சீட்டு எடுக்கப் போனால் காத்திருப்புப் பட்டியல்தான். ஆகவே "உதவி உண்டா" என்ற கேள்வியோடு "எப்போது தெரியும்" என்ற கேள்வியும் சேர்ந்தே போக வேண்டும், அதற்கான காரணத்துடன்.

இப்போது மின்னஞ்சல். ஆங்கிலத்தில் நடக்கும் கருத்தரங்கு என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். தமிழ்த் துறைக்கு எழுதுவதால் தமிழிலேயே எழுதலாம்.

> பொருள்: ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிப்பு (மாணவர்): மீனவர் பேச்சில் காற்றின் பெயர்கள்; பயண உதவி குறித்து ஒரு கேள்வி
>
> மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் திருநெல்வேலியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள முழுநேர ஆய்வாளர், இரண்டாம் ஆண்டு. பிப்ரவரி 12, 13 நாள்களில் தங்கள் துறை நடத்தும் கருத்தரங்கிற்காக, "தூத்துக்குடிக் கடற்கரை மீனவர் பேச்சில் காற்றின் பெயர்கள்" என்ற ஆய்வுச் சுருக்கத்தை வேர்டு, பி.டி.எஃப் ஆகிய இரு வடிவங்களில் இணைத்துள்ளேன். அறிவிப்பிலுள்ள அமர்வுகளில் வட்டார வழக்கு அமர்வுக்கு இது பொருந்தும் எனக் கருதுகிறேன். கட்டுரையை நான் மட்டுமே எழுதுகிறேன். நேரில் வந்து வாசிக்க விரும்புகிறேன்.
>
> பயண உதவி குறித்து ஒன்று கேட்க விரும்புகிறேன். எனக்கு ஆய்வு உதவித்தொகை இல்லை. ரயில் கட்டணமும் வழிச் செலவுமாக ஏறத்தாழ 3,100 ரூபாயை நானே ஏற்றுக்கொள்வேன். பதிவுக் கட்டணத்தையும் (1,500 ரூபாய்) பிப்ரவரி 10, 11, 12 இரவுகளுக்கான தங்குமிடச் செலவையும் ஏற்பது எனக்குக் கடினம். கட்டுரை வாசிக்கும் மாணவர்களுக்குப் பதிவுக் கட்டண விலக்கோ மாணவர் விடுதியில் இடமோ வழங்க இயலுமா? இதற்குத் தனி விண்ணப்பமோ நெறியாளரின் கடிதமோ தேவையெனில் அனுப்பிவைக்கிறேன்.
>
> பிப்ரவரி 8 ரயிலுக்கான முன்பதிவு டிசம்பர் 10 அன்று தொடங்குகிறது. அதற்குள் விவரம் தெரிந்தால் பயணத்தைத் திட்டமிட உதவியாக இருக்கும். உதவி குறித்த முடிவு எதுவாயினும், ஆய்வுச் சுருக்கத்தை அதன் தகுதி கருதிப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (பெயர், துறை, கல்லூரி, கைபேசி எண், நெறியாளர் பெயர்)
>
> நகல்: நெறியாளர்

இதில் சில வரிகளைக் கவனிக்க வேண்டும். பொருள் வரியில் "மாணவர்" என்றும் "கேள்வி" என்றும் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளருக்கு உதவி செய்யும் ஆய்வு மாணவர்தான் முதலில் அஞ்சல்களைப் பிரிப்பார். வெறும் "ஆய்வுச் சுருக்கம்" என்று இருந்தால் அவர் இணைப்பை மட்டும் இறக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார், கேள்வி அங்கேயே தங்கிவிடும்.

சமர்ப்பிப்பு முதல் பத்தியிலேயே முழுமையாக முடிந்துவிடுகிறது. தலைப்பு, அமர்வு, கோப்பு, யார் வாசிப்பது எல்லாம் வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் பணம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. தன் நிலையைச் சொல்ல ஒரே வரிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்: "எனக்கு ஆய்வு உதவித்தொகை இல்லை." குடும்ப நிலையை நீளமாக விவரிக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டிய நிலைக்கு எந்த மாணவரும் தள்ளப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உதவித்தொகை இல்லை என்பது சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல். ஒருங்கிணைப்பாளர் தன் குழுவிடம் எடுத்துச் சொல்ல அது போதும்.

தானே ஏற்கும் தொகையைச் சொல்வதும் முக்கியம். வருவதற்கு இவர் உண்மையாகவே திட்டமிட்டிருக்கிறார் என்று அது காட்டும். கருத்தரங்கு நடத்துகிறவர்களின் பெரிய கவலை, நிகழ்ச்சி நிரலில் பெயர் போட்ட பிறகு வராமல் போகிறவர்கள்தான். "உதவி இல்லையென்றால் வர மாட்டேன்" என்று மிரட்டுவதுபோல எழுதினால் அந்தக் கவலை இன்னும் கூடும். அதேசமயம், உதவி இல்லாமல் உண்மையிலேயே வர முடியாது என்றால் அதை மறைப்பதும் தவறு. அப்போது கடைசி வரியை மாற்றி, "உதவி இயலாதபோது இணையவழியில் வாசிக்க வாய்ப்பு உண்டா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதலாம். இரண்டு பக்கத்துக்கும் அது நேர்மையான வழி.

நெறியாளருக்கு நகல் போடுவது மரியாதைக்காக மட்டும் இல்லை. சுருக்கத்தை அவர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். எனவே அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டியிருக்க வேண்டும். கைடுக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டு, பின்னால் ஒருங்கிணைப்பாளரே அவரிடம் பேசும்போது விஷயம் தெரியவந்தால் வீண் சங்கடம்.

பதில் மூன்று விதமாக வரலாம். "கட்டண விலக்கு உண்டு, விடுதி ஏற்பாடு செய்கிறோம்" என்று வந்தால், நன்றி சொல்லி அதே மின்னஞ்சல் தொடரிலேயே அந்த இரண்டையும் தேதிகளோடு திருப்பி எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் விடுதிப் பொறுப்பாளர் வேறொருவராக இருப்பார். கையில் காட்ட அந்த அஞ்சல் வேண்டும்.

இரண்டாவது, "முயற்சி செய்கிறோம், வாருங்கள் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில். நம் ஊரில் அடிக்கடி வருவது இதுதான். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இதை "ஆம்" என்று எடுத்துக்கொண்டு கடன் வாங்கக் கூடாது. டிசம்பர் 10 அன்று ரயில் சீட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். போக முடியாமல் போனால் சில நாள் முன்னதாகவே ரத்து செய்துவிடலாம், ஸ்லீப்பர் சீட்டில் பிடித்தம் சிறு தொகைதான். விமானச் சீட்டில் அப்படிச் செய்ய முடியாது. மலிவான சீட்டுகளில் ரத்து செய்தால் கைக்கு ஏறக்குறைய ஒன்றும் திரும்பாது.

மூன்றாவது, "ரயில் கட்டணமும் தருகிறோம்" என்ற மகிழ்ச்சியான பதில். இங்கேதான் புதியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இருக்கிறது: பணம் முன்னால் கிடைக்குமா, பின்னால் கிடைக்குமா? பெரும்பாலும் பின்னால்தான். நீங்கள் முதலில் செலவழித்து, கருத்தரங்கு முடிந்து படிவமும் சீட்டும் கொடுத்து, பல வாரம் கழித்து வங்கிக் கணக்கில் வரும். அந்த இடைவெளியைத் தாங்க முடியாதவருக்குப் பின்னால் வரும் உதவி பயன்படாமலே போகலாம். அதனால் எந்த வகுப்புவரை தருவார்கள், நேர்வழிக் கட்டணம் மட்டும்தானா, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். ரயில் சீட்டின் அச்சுப்படி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், மாணவர் என்பதற்குத் துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றிதழ் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். விமானம் என்றால் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அரசு நிதியில் விமானச் சீட்டு எடுக்கும்போது அங்கீகரிக்கப்பட்ட முகவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. எங்கோ தள்ளுபடியில் எடுத்த சீட்டுக்குப் பணம் வராமல் போவது இதனால்தான்.

எந்தப் பதில் வந்தாலும், தேர்வானதற்கான கடிதத்தைத் துறையின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பயணத்துக்கென்று நிதி இருந்தால் அதற்கு இந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. அங்கே "அமைப்பாளர்கள் என்ன தருகிறார்கள்" என்று கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரே ரயில் கட்டணத்தை இரண்டு இடத்தில் கோருவது விதிமீறல். ஆனால் ரயில் கட்டணத்தை ஓரிடத்திலும் தங்குமிடத்தை இன்னோரிடத்திலும் பெறுவதில் தவறில்லை. செலவைத் தலைப்பு தலைப்பாகப் பிரித்து எழுதியது இங்கும் உதவும்.

வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றால் நாள் கணக்கு இன்னும் இறுக்கமாகும். அறிவியல் மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஐரோப்பியப் புவியறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில், பயண உதவி வேண்டுவோர் மற்றவர்களுக்கான கடைசி நாளுக்குப் பல வாரம் முன்பே ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும். பொதுவான கடைசி நாளை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் உதவிக்கான கதவு மூடிவிடும். இத்தகைய பெரிய மாநாடுகளில் மின்னஞ்சலுக்குப் பதில் இணையப் படிவம்தான் இருக்கும். படிவத்தில் உள்ள பயண உதவிக் கட்டத்தைத் தவறவிட்டுப் பிறகு மின்னஞ்சலில் கேட்டுப் பயனில்லை. மாறாக, இத்தாலியின் திரியெஸ்த் நகரில் உள்ள அப்துஸ் சலாம் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் போன்ற இடங்கள் தம் நிகழ்ச்சிகளுக்குப் பதிவுக் கட்டணமே வாங்குவதில்லை. வளரும் நாடுகளிலிருந்து வருவோரில் சிலருக்குப் பயண உதவியும் செய்கிறார்கள். இந்தியாவில் அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர் போன்ற அமைப்புகளும் வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கும் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண நல்கை வழங்குகின்றன. தேர்வானதற்கான கடிதம் அவர்களுக்கும் வேண்டும்.

பயண உதவி தேடும் மாணவர்களையே குறிவைக்கும் மோசடி ஒன்றும் உண்டு. நீங்கள் எதுவும் அனுப்பாமலேயே ஒரு மின்னஞ்சல் வரும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மாநாடு, விமானச் சீட்டும் விசாவும் அவர்கள் செலவு, நீங்கள் ஓட்டல் அறைக்கு மட்டும் முன்பணம் கட்டினால் போதும் என்று எழுதியிருப்பார்கள். அந்த முன்பணத்துக்காகத்தான் மாநாடே. உண்மையான அமைப்பாளர் விமானச் செலவையே ஏற்கிறார் என்றால் அறையையும் அவரே பார்த்துக்கொள்வார். இன்னொரு வகையில் மாநாடு உண்மையாகவே நடக்கும், ஆனால் தேர்வு என்று ஒன்று இருக்காது. சுருக்கம் அனுப்பிய மறுநாளே "தேர்வாகிவிட்டது, கட்டணம் செலுத்துங்கள்" என்று பதில் வரும். எந்தத் துறைக் கட்டுரையையும் ஏற்பார்கள், தேர்வுக் குழுவில் யார் என்ற விவரம் இருக்காது. ஐ.எஸ்.பி.என் எண்ணோடு தொகுப்பு வரும் என்பதை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பயண உதவி கேட்டு எழுதிப் பாருங்கள். கேள்விக்குப் பதில் வராமல் கட்டண நினைவூட்டல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் எங்கே அனுப்பியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

நவம்பர் 15-க்குச் சில நாள் முன்பே அனுப்பியிருந்தும் கிடைத்ததாக ஒரு வரிகூட வரவில்லையென்றால், ஒரு வாரம் பொறுத்து அதே தொடரில், "ஆய்வுச் சுருக்கம் கிடைத்ததா என்று மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று கேட்கலாம். பயண உதவியை அந்த அஞ்சலில் மீண்டும் எழுப்ப வேண்டாம். அதற்குரிய நேரம் டிசம்பர் 5-க்குப் பிறகு, தேர்வான செய்தி வந்ததும். தேர்வானவர் கேட்கும் கேள்வி என்பதால் அப்போது பதிலும் விரைவாக வரும். எல்லா வழியும் பார்த்துவிட்டு, போக முடியாது என்று ஆகிவிட்டால், நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும் முன் அதை எழுதித் தெரிவியுங்கள். "தேர்வு செய்தமைக்கு நன்றி. பயணச் செலவுக்கு ஏற்பாடு செய்ய இயலாததால் நேரில் வர முடியவில்லை. என் இடத்தை வேறொருவருக்கு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற மூன்று வாக்கியம் போதும். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இன்னொரு மாணவருக்குக் கட்டுரை வாசிக்க அந்தப் பதினைந்து நிமிடம் கிடைக்கும்.